கூட்டல் சார்

ஒரத்தநாடு, பாபநாசம், திருவையாறு என்று தஞ்சைச் சீமையில் எந்தப் பக்கம் போனாலும், பள்ளிக்கூடத்துக்கு ஒருத்தர் "சிஸ்டம் தெரிஞ்ச சார்" இருப்பார். அரசாணையில் அப்படியொரு பதவி கிடையாது. என்றைக்கோ தலைமையாசிரியர் அறையில் ஓடாத பிரின்டருக்குப் பிளக்கைச் சரியாகச் சொருகிவிட்டார். அன்றைக்கு மாட்டியவருக்கு ஓய்வு பெறும்வரை விடுதலை இல்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்து, வெளியே குறுவை அறுப்பு நடக்கும் நாட்களில் அவருடைய போனில் மதிப்பெண் பதிவேட்டுப் படங்கள் வந்து குவியும். "சார், பத்தாம் வகுப்பு பி பிரிவு. எக்ஸல்ல ஏத்திடுங்க. ஒண்ணும் அவசரமில்ல, மத்தியானத்துக்குள்ள போதும்." படத்தில் டீச்சரின் கட்டைவிரல் இரண்டு மாணவர்களை மறைத்திருக்கும். டியூப்லைட் வெளிச்சம் கணக்குப் பத்தியில் பட்டு எல்லோரையும் வெள்ளையடித்திருக்கும். பதிவேட்டின் தையல் பக்கம் வளைந்திருப்பதால் ஒரு வரியில் கிளம்பியவன் அடுத்த வரியில் போய் முடிவான்.

சார் அசரமாட்டார். படத்தை நேராக்கிப் பெரிதாக்கி, மானிட்டர் மேல் மர ஸ்கேலை வைத்து, வரி வரியாக இறக்குவார். தட்டச்சு முடிந்தது என்றால் மற்றவர்களுக்கு வேலை முடிந்தது. அவருக்கு அப்போதுதான் தொடக்கம். பதிவேட்டில் கையால் எழுதியிருக்கும் மொத்தத்தையும் அப்படியே H பத்தியில் ஏற்றி, பக்கத்தில் இதைப் போடுவார்:

```
=H5-SUM(C5:G5)
```

வரிசையாக 0 வரவேண்டும். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்த ராமானுஜனின் வரியே வந்தாலும், கணக்கில் எத்தனை என்று பார்க்கமாட்டார். ஓரத்தில் 0 வந்ததா என்றுதான் பார்ப்பார்.

ஒரு வரியில் 27 என்று நிற்கிறது என்று வையுங்கள். பதிவேட்டு மொத்தம் 352. தட்டச்சில் 72, 59, 36, 81, 77, கூட்டினால் 325. நீங்களும் நானும் ஐந்து கட்டத்தையும் திரும்பப் பார்ப்போம். சார் 27ஐ 9ஆல் வகுப்பார். மீதியில்லாமல் 3 வருகிறது. ஓர் எண்ணின் இரண்டு இலக்கமும் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9இன் மடங்குதான். ஈவு 3 என்றால் இலக்கங்களுக்குள் 3 வித்தியாசம் இருக்கவேண்டும். இந்த வரியில் அப்படி இருப்பது 36 மட்டும். படத்தைப் பார்த்தால் 63. "பய புள்ளைய பெயிலாக்கப் பார்த்தேனே" என்பார். 35 எடுத்தால் தேர்ச்சி என்று அவருக்குத் தெரியாதா என்ன? அந்தப் பதற்றம் அவருக்கு ஒரு சுகம்.

வித்தியாசம் 70 என்று வந்தால் வேறு வைத்தியம். 70இல் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து O விழுந்திருக்கும். SUM அதை எழுத்தென்று தள்ளிவிட்டுக் கூட்டும். எண்கள் கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்க, அது மட்டும் இடப்பக்கம் ஒதுங்கி நிற்பதைச் சார் தூரத்திலிருந்தே பிடித்துவிடுவார்.

ஐந்து கட்டமும் படத்தோடு ஒத்துப்போகிறது, ஆனாலும் 10 இடிக்கிறது என்றால் பதிவேட்டிலேயே கூட்டல் தப்பு. போன் போகும்.

"டீச்சர், 17ஆம் நம்பருக்குக் கூட்டல்ல 10 குறையுதுங்க."

"அப்படிங்களா சார்? நீங்களே மாத்திடுங்களேன்."

"நான் மாத்தமாட்டேங்க. பதிவேட்டுல திருத்தி, சுருக்கொப்பம் போட்டு, இன்னொரு போட்டோ அனுப்புங்க. விரல் இல்லாம."

ஓரமெல்லாம் 0 ஆன பிறகும் மனுஷன் எழுந்திருக்கமாட்டார். தமிழும் ஆங்கிலமும் கட்டம் மாறி விழுந்திருந்தால் வரிக் கூட்டல் வாயே திறக்காது. வரப்புக்கு அந்தப் பக்கத்து நெல்லை இந்தப் பக்கம் போட்டாலும் களத்தில் மொத்த மூட்டை அதேதானே. சண்டை வருவது யாருடையது என்பதில்தான். அதனால் பாட ஆசிரியர்களின் சொந்தப் பட்டியலை வாங்கி, பத்திகளையும் மேலிருந்து கீழாகக் கூட்டிப் பார்ப்பார். ஒருவன் வரி முழுசாக அடுத்தவன் பெயருக்கு நேராக விழுந்திருந்தால் அந்தக் கூட்டலும் காட்டிக்கொடுக்காது. அதற்காகக் கடைசியில் வரிசை எண்ணையும் பெயரையும் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பார். இதற்குள் ஆசிரியர் அறையில் டீ ஆறி, பஜ்ஜியும் தீர்ந்திருக்கும். "இவ்வளவு நேரமா சார்?" என்று கேட்பவர், விரல் வைத்துப் படமெடுத்த அதே டீச்சராகத்தான் இருப்பார்.

வகுப்பாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவேட்டை மேசையில் தட்டையாக விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், எழுத்து மங்காது. மொத்தம் எழுதிய பத்தியை மட்டும் ஓரத்தில் வெட்டிவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் சாருக்குக் கழிக்க ஒன்றுமில்லை.