ஏற்பாட்டுச் சித்தப்பா

குடும்பத்துக்கு ஒரு ஏற்பாட்டுச் சித்தப்பா இருப்பார். தென்காசிப் பக்கத்துப் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையில் பரீட்சை என்று ஹால் டிக்கெட் வந்துவிட்டால், பையன் புத்தகத்தை எடுப்பதற்குள் இவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துவிடுவார். பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அது அவர் இலாகா இல்லை.

முதலில் அவர் பார்ப்பது பின்கோடு. "சென்னையாம்ல, சென்னை! 600-ன்னு ஆரம்பிச்சாத்தான் மெட்ராஸு. இது 603. செங்கல்பட்டுப் பக்கம்." அவர் சொல்வது சரி. மையம் பொத்தேரிப் பக்கத்துக் கல்லூரி. ‘சென்னை’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பி எழும்பூரில் ரூம் போட்டவர்கள் காலையில் சுமார் 40 கிலோமீட்டர் வந்து சேர வேண்டும். சித்தப்பா கூடுவாஞ்சேரியில் லாட்ஜ் தேடுகிறார். அங்கிருந்து பொத்தேரி அடுத்த ஸ்டேஷன்.

லாட்ஜ்காரரிடம் போனில் வாடகையைக் கடைசியில்தான் கேட்பார். ரோட்டுப் பக்கமா, பின்பக்கமா? கீழே பார் இருக்கிறதா? மாடியில் தண்ணீர் மோட்டார் எங்கே ஓடுகிறது? நடுவே தினசரி காலண்டரைப் புரட்டி, "ஞாயித்துக்கெழம முகூர்த்தம். பக்கத்துல கல்யாண மண்டபம் ஏதும் இருக்காய்யா?" என்பார். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி ரிசப்ஷனில் மெல்லிசைக் குழு பாடும். அது ஓய்ந்து கண்ணயர்ந்தால் விடியுமுன் நாதஸ்வரம் எழுப்பிவிடும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. ஆனால் சட்டத்தை நம்பி ரூம் போடுகிறவர் அல்ல சித்தப்பா. மண்டபம் உண்டு என்றால் அந்த லாட்ஜ் கிடையாது, அவ்வளவுதான்.

பயணத்தில் அவர் இன்னும் கறார். சனிக்கிழமை ராத்திரி வண்டி ஏறி ஞாயிறு காலையில் இறங்குவது அவர் அகராதியில் தற்கொலைக்குச் சமம். வெள்ளிக்கிழமை ராத்திரியே பொதிகையில் ஏற்றிவிடுவார். வண்டி இரண்டு மணி நேரம் தாமதமானாலும் சனிக்கிழமை முழுக்கக் கையில் இருக்கிறது. தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் வந்த வழியே கொஞ்சம் திரும்பினால் கூடுவாஞ்சேரி.

அன்று மாலை பையனை இழுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போய்விடுவார். நாளைக்கு எந்த கேட் திறப்பார்கள், அங்கிருந்து தேர்வுக் கட்டடம் எவ்வளவு தூரம் என்று வாட்ச்மேனிடம் குடைவார். பெரிய வளாகங்களில் ரோட்டில் இறங்கியபின் நடக்கிற நடையே கால் மணி நேரம் தின்னும். மேப்பில் காட்டுகிற நிமிடங்களில் அது சேராது.

பிறகு பின்னாலிருந்து எண்ணுவார். "எட்டரைக்கு கேட்டப் பூட்டுவான். ஏழரைக்கு நாம அங்க நிக்கணும். ஒரு ரயிலத் தவறவிட்டு அடுத்ததுல ஏறுனாலும் ஏழரைக்கு நிக்கணும்." ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில்கள் குறைவு என்பதால் ஸ்டேஷனில் ஞாயிற்று அட்டவணையைக் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். அன்றைக்கு ஆட்டோ எல்லாவற்றையும் மற்றப் பரீட்சைக்காரர்கள் பிடித்துவிடுவார்கள் என்று, ஒரு ஆட்டோக்காரரிடம் முன்பணம் கொடுத்தும் வைப்பார். ராத்திரி சாப்பாடு இட்லி. சால்னா வாசனை வந்த திசையில் பையன் திரும்பக்கூட விடமாட்டார்.

ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தாயிற்று. பின்பக்கத்து ரூம், மண்டபம் இல்லை, பார் இல்லை, மோட்டார் இல்லை. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

ஒன்பதே முக்காலுக்குச் சித்தப்பாவின் குறட்டை தொடங்குகிறது.

அது நின்றால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். நின்றால் அவர் விழித்துவிட்டார் என்று பொருள். பன்னிரண்டு மணிக்கு அலாரம் சரியாக வைத்திருக்கிறதா என்று பார்ப்பார். இரண்டு மணிக்கு செல்போன் டார்ச்சில் ஹால் டிக்கெட்டைத் தேடுவார். அதை அவரே மூன்று பாலிதீன் கவருக்குள் பத்திரப்படுத்தியிருக்கிறார், ஒவ்வொன்றும் சரசரவென்று பேசும். ஆதார் அட்டை இருக்கிறது, போட்டோ இருக்கிறது. பேனாவைக் காணோம்.

"ஏல, முழிச்சிருக்கியா?"

"இல்ல சித்தப்பா."

"அப்ப சரி, தூங்கு. தூக்கம் ரொம்ப முக்கியம்."

நாலு மணிக்கு வெந்நீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்க்கிறார். ஏழேகாலுக்கே கேட் வாசலில் நிற்கிறார்கள். சித்தப்பாவின் கணக்கில் ஒரு நிமிடம் பிசகவில்லை. பையன் மட்டும் தூணில் சாய்ந்தபடி தூங்குகிறான்.

இப்படி ஒரு சித்தப்பா வாய்த்தவர்கள் தயவுசெய்து அவரை விட்டுவிட்டுப் போக வேண்டாம். அவர் இல்லாவிட்டால் எழும்பூரில் இறங்கிப் பொத்தேரிக்கு வழி கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ரூமை மட்டும் இரண்டாகப் போடுங்கள், அவருடையது வேறு மாடியில். ஹால் டிக்கெட் உங்களிடம் இருக்கட்டும்.