ஹார்லிக்ஸ் பாட்டிலில் ரோஜா: ஒரு கழுத்தாராய்ச்சி

தமிழர் இல்லங்களில் பூவுக்கு இதுவரை மூன்று இடங்களே அங்கீகரிக்கப்பட்டுள்ளன: சாமி படம், கூந்தல், காலமானவர் புகைப்படம். நான்காவதாக ஒரு பூ எந்தக் காரியமும் இல்லாமல் ஹாலில் சும்மா நிற்கலாம் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். இதற்கு முதல் தடை சந்தைதான். நம் பூக்கடையில் மல்லி முழத்தில் வரும், செவ்வந்தி எடையில் வரும். இரண்டிலும் நிற்க வைக்கக் காம்பு இராது. எனவே ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில் ரோஜாவை விற்கும் பொக்கே கடைக்குப் போக வேண்டும். அங்கே போய் மூன்று காம்பு மட்டும் கேட்பவரைக் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். ஆய்வாளர் அதைப் பொருட்படுத்தலாகாது.

கொள்கலன் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அறிஞர் என்பது இங்கே நானும் என் மனைவியும். கல்யாணப் பரிசாக வந்த அகன்ற வாய்க் கண்ணாடிச் சாடி அவர் கட்சி. காலி ஹார்லிக்ஸ் பாட்டில் என் கட்சி. உண்மையில் இரண்டும் தோற்கும். மூன்று ரோஜாவுக்கு இரண்டு விரல் நுழையும் வாய் போதும். அதற்கு மேல் அகன்றால் காம்புகள் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்து முகம் திருப்பிக்கொள்ளும். இருப்பதை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பாட்டில் வாயை ஈரம் போகத் துடைத்துவிட்டுச் செல்லோடேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக் கட்டம் போடலாம். கட்டத்துக்கு ஒரு காம்பு. டேப்பை விளிம்பு இலை மறைத்துவிடும். உயரத்துக்கும் கணக்கு உண்டு. பாட்டில் 16 செ.மீ. என்றால், அதன் வாய்க்கு மேல் தெரியும் பூ ஏறக்குறைய 24 செ.மீ. இருக்கலாம். அதற்கு மேல் போனால் பாட்டில் பூவைத் தாங்குகிறதா, பூ பாட்டிலைக் கவிழ்க்கிறதா என்பது தனி ஆய்வாகிவிடும். எவர்சில்வர் சொம்பும் ஆகும். ஆனால் உள்ளே தண்ணீர் கலங்குவதைக் கண்ணாடிதான் காட்டிக்கொடுக்கும்.

இனி ஆய்வின் மையம். இரண்டாம் நாள் காலை ஒரு ரோஜா தலையைத் தொங்கப் போட்டிருக்கிறது. வீட்டார் தீர்ப்பு, ‘பூ பழசு, கடைக்காரன் ஏமாத்திட்டான்’ என்பது. இதை அப்படியே ஏற்பதற்கில்லை. இதழைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இதழ் உதிர்ந்தாலோ, ஓரம் பழுப்பேறியிருந்தாலோ அது மூப்பு, செய்வதற்கு ஒன்றுமில்லை. இதழ் கெட்டியாக இருந்து கழுத்து மட்டும் மடிந்திருந்தால் அது தாகம். வெட்டிய முனையில் காற்றுக் குமிழோ நுண்ணுயிர்க் கூட்டமோ அடைத்துக்கொண்டதால் தண்ணீர் மேலே ஏறவில்லை. அகன்ற தாம்பாளத்தில் தண்ணீர் வைத்து, காம்பின் அடியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியபடியே கூரான கத்தியால் இரண்டு செ.மீ. சாய்வாக வெட்ட வேண்டும். பிறகு பூவை முழுநீளமாகத் தண்ணீரில் படுக்க வைத்து ஓரிரு மணி நேரம் விட்டால் பெரும்பாலும் கழுத்து நிமிரும். நிமிராததைக் காம்பை ஒட்ட நறுக்கி, டபராவில் தண்ணீர் ஊற்றி மிதக்க விடலாம். அங்கே கழுத்துக்கு வேலையே இல்லை.

அடைப்பு வராமலிருக்க, தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை முதலிலேயே உருவிவிட வேண்டும். அங்கே அழுகுவது அவைதான். தண்ணீரில் சர்க்கரை போடும் வழக்கம் அரைகுறை ஞானம். சர்க்கரை பூவுக்கு ஆகாரம்தான், ஆனால் பந்தியில் முதலில் உட்காருவது பாக்டீரியா. தினமும் தண்ணீர் மாற்றுவதே மலிவான மருந்து.

எங்கே வைப்பது? தொலைக்காட்சி தட்டையானதிலிருந்து பூச்சாடி தன் பரம்பரை ஆசனத்தை இழந்து அலைகிறது. ஃபிரிட்ஜ் மேல் வைப்பவர் உண்டு. அதன் பின்புறத்துச் சூடு பூவுக்கு ஒத்துக்கொள்ளாது. மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் காம்பு உறிஞ்சுவதைவிட வேகமாக இதழ் காய்ந்துபோகும். மேற்கு ஜன்னல் வெயிலும் அப்படித்தான். எல்லாவற்றிலும் சூட்சுமமான எதிரி சாப்பாட்டு மேஜை வாழைப்பழம். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பூவுக்குச் சீக்கிரம் வயதேற்றும். விருந்தினர் வரும்போது சீப்பும் பூவும் அருகருகே மங்களமாகத் தெரியலாம். அவர் போனதும் ஒன்றை இடம் மாற்றிவிடுவது நல்லது. விசிறி வட்டத்துக்கு வெளியே, உட்கார்ந்தவர் கண்மட்டத்தில், வெறும் சுவரோரம் ஒரு ஸ்டூல் கிடைத்தால் அதுவே உத்தமம்.

தண்ணீர் மாற்ற மறந்தால் ஆய்வு வேறு துறைக்குப் போய்விடும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பூச்சாடித் தண்ணீர் மிகவும் பிடித்த பிரசவ அறை; முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். பாட்டில் பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் போகும். வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர் இவ்விஷயத்தில் எங்கள் இருவரையும்விடப் பெரிய அறிஞர். அவர் ரோஜாவைப் பார்ப்பதில்லை, டார்ச்சடித்து நேராகப் பாட்டிலுக்குள்தான் பார்க்கிறார்.