கமிஷன் கிடையாது!

விமான நிலையத்துப் பணமாற்றுக் கவுன்டரில் ‘கமிஷன் கிடையாது’ என்று எழுதியிருந்தால் தாராளமாக நம்பலாம். அந்த வேலையைத்தான் மேலே தொங்கும் விலைப்பலகை பார்த்துக்கொள்கிறதே!

சென்னையில் வந்திறங்கிய நண்பர் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டார். டாலருக்கு வாங்கும் விலை 80.50, விற்கும் விலை 91.20. மிச்சமிருந்த 200 டாலரை நீட்டியவர், 18,240 ரூபாய் வருமென்று மனக்கோட்டை கட்டினார். கைக்கு வந்தது 15,878. உடனே போட்டோவைப் பெரிதாக்கிக்கொண்டு சண்டைக்குத் தயாரானார்.

வாங்குவதும் விற்பதும் கடைக்காரர் கணக்கு, நம் கணக்கல்ல. டாலரை வாங்குபவர் அவர், ஆகவே 80.50 வீதம் 16,100. அதில் சேவைக் கட்டணம் 150 (கமிஷன் அல்லவாம்!), அதற்கு ஜிஎஸ்டி 27. பணம் மாற்றியதற்கும் தனி ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சம் வரை தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது 250 ரூபாய், சேவையின் மதிப்பு. அதில் 18 சதவீதம், 45 ரூபாய். மொத்தம் 222 போக 15,878. பைசா சுத்தம்.

ரசீதில் அச்சாகாத தொகைதான் சுவையானது. இரு விலைக்கும் நடுப்புள்ளி 85.85. டாலருக்கு 5.35 வீதம் 1,070 ரூபாய் சத்தமில்லாமல் போயிருக்கிறது. நண்பரோ அந்த 45 ரூபாய்க்காக அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொன்று: எல்ஈடி எண்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிபவை. போட்டோவில் ஒரு கோடு விழாமல் போனால் 8 என்பது 6 ஆகிவிடும். சண்டைக்கு ரசீதில் அச்சான விலையை எடுத்துப் போங்கள்.