கிரீஸ் கையோடு ஒரு படம்

கேள்வி: பொன்மலை ரயில்வே பணிமனையில் எங்கள் ஃபிட்டர் அண்ணன் மாதக் கடைசியில் ரிட்டையர் ஆகிறார். பழைய போட்டோக்களைத் திரையில் ஓட்டி, ஐந்து நிமிடம் பேசணும். எப்படி?

பதில்: பத்துப் படம் போதும், ஒன்றுக்கு அரை நிமிடம். மாலை போடும் படங்கள் வேண்டாம், அதுதான் மேடையிலேயே நடக்கிறதே! ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி என்ஜினே செய்து கொடுத்த பணிமனை உங்களுடையது. அந்த என்ஜின் பக்கத்தில் அண்ணன் கிரீஸ் கையோடு நிற்கும் படம் இருந்தால், அதில் தொடங்குங்கள். திரையில் தெரிவதை விட்டுவிட்டு, அன்று எது மக்கர் செய்தது, அவர் எப்படி வழிக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லுங்கள். முன்வரிசையில் இருக்கும் அண்ணிக்கே அது புதுச் செய்தியாக இருக்கும்! வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த படம் பெரிய திரையில் மங்கும். எடுத்தவரிடம் ஒரிஜினலை ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள்.