காவலாளி வேலை: கேள்வி-பதில்

கே: "செக்யூரிட்டி கார்டு தேவை. மாமல்லபுரம் ரிசார்ட். 12 மணி நேர டூட்டி, வாரம் மாறும் டே - நைட் ஷிப்ட், 30 டூட்டிக்கு ரூ.15,000." இப்படி ஒரு செய்தி வந்திருக்கிறது. நல்ல சம்பளமா? (வாசகர், செங்கல்பட்டு)

ப: கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு டூட்டிக்கு 500 ரூபாய். ஒரு நாள் வேலை 8 மணி நேரம். அதற்கு மேல் பார்க்கும் 4 மணி நேரத்துக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம் தர வேண்டும். அப்படியானால் 12 மணி நேர உழைப்புக்கு 16 மணி நேரக் கூலி வரவேண்டும். 500-ஐ 16-ஆல் வகுத்தால் மணிக்கு 31 ரூபாய் 25 காசு. அதாவது உங்கள் 8 மணி நேர உழைப்புக்கு அவர்கள் போட்டிருக்கும் விலை 250 ரூபாய்தான்! 15,000 என்ற எண் இதைத்தான் மறைக்கிறது. 30 டூட்டி என்றால் வார விடுமுறையும் இல்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தது போக 15,000-ஆ, பிடிப்பதற்கு முன்பா என்றும் கேளுங்கள். திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்வர பஸ் செலவு தனி. காலையில் ரிலீவர் வராவிட்டால் நைட் பார்த்தவரையே நிறுத்திவைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அந்த டபுள் டூட்டிக்கு என்ன தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கே: உயரம் 162 செ.மீ., கண்ணாடி போடுகிறேன், வயது 47. எடுப்பார்களா? (மறைமலை நகர்)

ப: தாராளமாக. மத்திய மாதிரி விதிகளில் ஆண்களுக்கு 160 செ.மீ., பெண்களுக்கு 150 செ.மீ. போதும். கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் தடையில்லை, நிறக்குருடு இருக்கக்கூடாது. வயது 65-ஐத் தொடக்கூடாது. ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓட வேண்டும், இன்றே பழகுங்கள்.

கே: "நாளைக்கே சேரலாம், யூனிஃபார்முக்கு 2,000 கட்டுங்கள்" என்கிறார்கள். (திருப்போரூர்)

ப: பணத்தைக் கட்டாதீர்கள். புதியவருக்கு வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் பயிற்சி, குறைந்தது 20 வேலை நாள். முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் மட்டும் அது குறைவு. நாளைக்கே கேட்டில் நிறுத்துகிறவர் பயிற்சியே தரப்போவதில்லை.

கே: தம்பிக்குக் காக்கிச் சட்டை கொடுத்திருக்கிறார்கள், போலீஸ் மாதிரியே இருக்கிறது. (கல்பாக்கம்)

ப: மாற்றித் தரச் சொல்லுங்கள். போலீஸ், ராணுவச் சீருடையையோ அதைப் போலத் தோன்றுவதையோ அணிவது 2005-ம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்தில் குற்றம். ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். அணிந்தவரும் மாட்டுவார், தம்பியிடம் சொல்லுங்கள்.

கே: ஏஜென்சி அசலா என்று எப்படித் தெரியும்? (மாமல்லபுரம்)

ப: அலுவலகத்துக்கு நேரில் போங்கள். உரிமத்தைப் பார்வையில் படும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். அதன் ஆயுள் 5 ஆண்டு. தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். சுவரில் உரிமம் இல்லையென்றால் ஆதார் நகலைக் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.