தண்டவாளம் கூடுமிடம்

சமாந்தரக் கோடுகள் ஒருநாளும் சந்திக்கமாட்டா என்கிறார் கணித வாத்தியார். சித்திர வாத்தியாரோ அவற்றை ஒரு புள்ளியில் சேர்க்கச் சொல்கிறார். யார் சொல்வது பொய்?
*– ஒரு வாசகர், ராகலை*

இருவர் சொல்வதும் மெய்; கோடுகளைக் கூட்டிவைப்பது தூரம். 1948 வரை உங்களூருக்கு வந்துபோன சிறு ரயிலின் தண்டவாளங்களுக்கு இடைவெளி 30 அங்குலம். கண்ணுக்கு ஓரடி முன்னே ஒரு கண்ணாடியைப் பிடித்து நோக்கினால், பத்தடி தூரத்து இடைவெளி அதில் 3 அங்குலமாகவும், இருபதடி தூரத்தது ஒன்றரை அங்குலமாகவும் தோன்றி, தூரம் இரட்டிக்குந்தோறும் பாதியாகி, பூஜ்யமாகாமலே ஒரு புள்ளியை நாடும்.

ஆனால் மலையேறும் தேயிலை நிரைகளை அடிவானக் கோட்டில் சேர்த்துவிடாதீர்கள். கண்ணிலிருந்து அந்நிரைகளுக்குச் சமாந்தரமாய் மேல்நோக்கிச் செல்லும் பார்வைக்கோடு கண்ணாடியைத் தொடுமிடமே அவற்றின் மறையும் புள்ளியாதலால், அது கண்மட்டத்துக்கு மேலேயே அமையும். இறக்கி வைத்தால், மலை சமவெளியாய்ப் படுத்துவிடும்!