மூணு வட்டிக்காரன் பேச்சைக் கேளு மாப்ள

வா மாப்ள, உக்காரு. சார்ஜாவுல இருந்து வந்து ஒரு வாரமாச்சு, இப்பத்தான் மாமன் வீட்டுத் திண்ணை கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரியாமலா இருக்கும்? ஊர்ல கடன் குடுத்தவன் வீட்டை மட்டும் சுத்திப் போறது வழக்கந்தானே. அதுக்காக நான் கோவிச்சுக்கல. கோவிச்சுக்கிட்டா வட்டி வருமா?

என்ன அது, செல்லைத் தடவித் தடவிப் பாக்குறே? ரேட்டா? லீவுல வந்தும் திர்ஹம் என்ன வெலைக்கு விக்குதுன்னு பாக்குறியாக்கும். ரொம்பப் பொறுப்பு. போன தடவை இப்படித்தான் 20 காசு ஏறட்டும், ஏறட்டும்னு ஒரு மாசம் பணத்தை அனுப்பாம வச்சிருந்தே. இங்க எங்கக்கா, அதான் உங்கம்மா, கடைக்காரர்கிட்ட அரிசிக்குக் கடன் சொல்லிட்டு வந்துச்சு. நீ அங்க பங்கு மார்க்கெட் முதலாளி, இவுக இங்க கடைக் கடன்காரி.

சரி, உன் கணக்கையே போடுவோம். நோட்டு இருக்கு. 2,000 திர்ஹம் சம்பளம். தங்குறது கம்பெனி கேம்ப். மெஸ், போனு, சவரம், சோப்பு எல்லாம் சேத்து 650. லீவுக்கு வர்றப்ப மூட்டை கட்டுறதுக்கு மாசம் 125 எடுத்து வையி. அதை எடுத்து வைக்காததாலதான் ஒவ்வொரு லீவுக்கும் கேம்ப்ல கைமாத்து வாங்கிக்கிட்டு வந்து எறங்குறே. அனுப்புற கூலி ஒரு 25. மிச்சம் 1,200 ஊருக்கு. கணக்குக்கு லேசா இருக்கட்டும், திர்ஹம் 24 ரூபான்னு வச்சுக்க. 28,800 ரூபா ஆச்சா?

இப்ப அந்த 20 காசுக்கு வா. 1,200 திர்ஹத்துக்கு 20 காசு ஏறினா 240 ரூபா லாபம். இந்த 28,800-ல கடனுக்குன்னு 8,800 ஒதுக்குறதா வச்சுக்க. அதை ஒரு மாசம் தள்ளிப் போட்டா, மூணு வட்டியில 264 ரூபா கூடுதலா எழுதுவேன். ரேட்டு நீ நெனச்சபடியே ஏறினாலும் 24 ரூபா நட்டம். ஏறலைன்னா முழுசும் நட்டம். திர்ஹத்தை டாலரோட கட்டி வச்சிருக்கான், ஒரு டாலருக்கு 3.67 திர்ஹம், வருஷக்கணக்கா அசையல. அதனால உன் ரேட்டு ஏறுறதும் எறங்குறதும் நம்ம ரூவா டாலர்கிட்ட எப்படி நிக்குதுங்கிறதைப் பொறுத்தது. அதைச் சார்ஜாவுல பங்க் கட்டில்ல படுத்துக்கிட்டு நீ கண்டுபிடிக்கப் போறியா?

காசை விடுற எடம் வேற. போன வருஷம் மாசத்துக்கு நாலு தடவை அனுப்பினே. சம்பளம் வந்ததும் கொஞ்சம், அம்மா கேட்டா கொஞ்சம், மச்சான் கேட்டா கொஞ்சம், மனசு கேக்காம கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் எக்ஸ்சேஞ்சுல ஏறக்குறைய 20 திர்ஹம் கூலி. மூணு தடவை கூடுதலாப் போனதுக்கு மட்டும் 60 திர்ஹம், அதாவது 1,440 ரூபா. 12 மாசத்துக்குப் பாரு, 17,280. 20 காசுக்கு ராத்திரி முழிச்சவன், இதைக் கவுண்டர்ல சிரிச்சுக்கிட்டே நீட்டியிருக்கே. மாசம் ஒரே தடவை அனுப்பு. கூலி இல்லைன்னு போர்டு போட்டிருந்தா சந்தோசப்படாத, அன்னிக்கு வெளியில போற ரேட்டுக்கும் அவன் குடுக்குற ரேட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாரு. கூலியை அங்க ஒளிச்சிருப்பான். கடைசியில கையில எத்தனை ரூபா வந்து சேருதுங்கிற ஒன்னைத்தான் ரெண்டு எடத்துல கேட்டு ஒப்பிடணும்.

அடுத்தது வீட்டுக்கு. மளிகை, பாலு, கரண்டு, மாத்திரை எல்லாத்துக்கும் 14,000 போதும்னு உம் பொண்டாட்டியே சொல்லுது. அதுக்குத் தெரிஞ்ச கணக்கு உனக்குத் தெரியாது, அதனால நீ குறுக்க பேசாத. ஆனா அந்தப் புள்ளையையும் ஏமாத்துறது ஒன்னு இருக்கு. மாசமாசம் வராம வருஷத்துக்கு ஒருக்கா வந்து கழுத்தைப் புடிக்குற செலவு. ஜூன்ல பள்ளிக்கூடப் பீசு 30,000. தீவாளி பொங்கல் 20,000. மொய்யி, செய்முறை, கோயில் வரி எல்லாம் 22,000. அதுலயும் நீ வெளிநாட்டுக்காரன், 500 எழுதினா மைக்குல வாசிக்குறவன் ரெண்டு தடவை கண்ணாடியைத் தொடைப்பான். மொத்தம் 72,000. 12-ஆல வகுத்தா மாசம் 6,000. இந்த 6,000-ஐ மளிகைக் காசோட கலக்காம தனிக் கணக்குல போட்டுக்கிட்டே வந்தா, ஜூன் மாசம் உனக்கு வாட்சப்புல அழுகைச் சத்தம் வராது. இப்ப என்ன பண்றீங்க? ஜூன் வந்ததும் என்கிட்ட ஓடி வர்றீங்க. வாங்க, வாங்க, எனக்கென்ன.

ஆக 20,000 வீட்டுக்கு. இதை ரூபாயில முடிவு பண்ணு, திர்ஹத்துல பண்ணாத. 1,200 திர்ஹம் வீட்டுக்குன்னு பேசி வச்சே, ரேட்டு 25 ஆச்சுன்னா 1,200 ரூபா கூட வரும், வீடு அதையும் சாப்பிட்டுப் பழகிரும். அப்புறம் 24-க்கு எறங்கினா, மகன் காசைக் குறைச்சுட்டான், அங்க எவளோன்னு உங்கம்மா ஆரம்பிக்கும். 20,000-ன்னா 20,000. ஏறுறது உன் பக்கம், எறங்குறதும் உன் பக்கம். வெலைவாசிக்குத் தக்கன பொங்கல் கழிச்சு வருஷத்துக்கு ஒருக்கா ஏத்திக்கங்க.

மிச்சம் 8,800. நகைச்சீட்டுல போடலாமா, பிளாட்டு வாங்கலாமான்னு கேக்குறே. என்கிட்டயே கேக்குறே பாரு! ஏஜெண்டுக்குக் கட்டுறதுக்கு என்கிட்ட வாங்கின 1,20,000 அப்படியே நிக்குது. மூணு வட்டி, மாசம் 3,600. வெளியாளுக்கு அஞ்சு, உனக்குச் சொந்தம்னு மூணு. நீயும் மாசம் தவறாம 3,600 அனுப்புறே, மரியாதைப்பட்ட பய. 18 மாசம் அனுப்பினா 64,800. அசல்ல ஒரு ரூபா குறையாது. ஊர்ல உன்னை மாதிரி நாலு மாப்ள இருந்தா நான் ஏன் வயலுக்குப் போறேன்? வருஷத்துக்கு நூத்துக்கு 36 ரூபா கடனை வச்சுக்கிட்டு, நூத்துக்கு 7 ரூபா தர்ற டெப்பாசிட்டைப் பத்தி யோசிக்கிறவனுக்கு நான் என்ன புத்தி சொல்றது.

8,800-ஐ முழுசா எனக்குக் கட்டினா 18 மாசத்துல கடன் தீரும். அதைவிட ஒன்னு இருக்கு, என் வாயாலயே சொல்றேன். பீரோவுல தூங்குற நகையைப் பேங்குல வையி. நகை மதிப்புல பெரும்பங்கு வரைக்கும் தருவான். வருஷத்துக்கு நூத்துக்கு 10 ரூபா வட்டின்னே வச்சுக்க. அந்தப் பணத்தை வாங்கி என் கணக்கை முடிச்சுட்டு, அதே 8,800-ஐப் பேங்குல மாசாமாசம் கட்டு. 15 மாசத்துல நகை வீட்டுக்கு வந்துரும். ஏறக்குறைய 29,000 ரூபா மிச்சம். ஒரு வருஷம் ஆனதும் பாக்கிக்கு மறுபடி எழுதி வைக்கச் சொல்லுவான், அந்தத் தேதியை மறந்தா ஏலத்துக்குப் போயிரும். செவுத்துக் காலண்டர்ல எழுதி வைக்கச் சொல்லு.

ஏன் மாமா உனக்கு நட்டந்தானேங்கிறியா? நட்டந்தான். எனக்கு ஆவணியில மொய்விருந்து வைக்கணும், அசல் மொத்தமா வேணும். நீ ரொம்பப் பாசத்தோட யோசிக்காத.

கடன் தீந்தப்பறம் இந்த 8,800 உனக்கு. அதையும் எங்க போடுறதுங்கிறதுல வெவகாரம் இருக்கு. உன் பழைய சேமிப்புக் கணக்கைப் பேங்குல சொல்லி என்ஆர்ஓ-வா மாத்தணும், வெளிநாட்டு வேலைக்குப் போனா அதுதான் சட்டம். நீ இன்னும் மாத்தலைன்னு எனக்குத் தெரியும். அங்க சம்பாதிச்சதுக்குத் தனியா என்ஆர்இ கணக்கு. அதுல வர்ற வட்டிக்கு இங்க வருமான வரி கிடையாது, என்ஆர்ஓ வட்டிக்கு உண்டு. ஆனா என்ஆர்இ டெப்பாசிட்டை ஒரு வருஷத்துக்கு முன்னாடி ஒடைச்சா வட்டியே தரமாட்டான். அதனால மொதல்ல நாலு மாசத்து வீட்டுச் செலவு, அதாவது 56,000, சும்மா சேமிப்புலயே கெடக்கட்டும். விசா ரத்தாகி வந்து நின்னா அதுதான் சோறு. அது நெறைஞ்சப்பறம் டெப்பாசிட்டு.

அதுக்குள்ள உங்கண்ணன் நஞ்சை ஒன்னு வெலைக்கு வருதுன்னுவான். அங்க வேலையில இருக்கிறவரைக்கும் நீ விவசாய நெலம் உன் பேர்ல வாங்கச் சட்டத்துல எடமில்ல, வீட்டு மனைதான் வாங்கலாம். உடனே அண்ணன், அதுக்கென்ன, அப்பா பேர்ல போட்டுருவோம்னுவான். போடுங்க. நாளைக்குப் பங்கு பிரிக்கிறப்ப காசு அனுப்பினவன் ஒரு பங்கு, ஏர்போட்டுக்குக் கூட்டிட்டு வந்தவன் ஒரு பங்கு. அவனும் நல்லவன்தான், டிக்கெட்டுக்கு முன்னாடியே வந்து நிப்பான்.

இன்னொன்னு. அஞ்சு வருஷம் முடிச்சா கம்பெனியில பணிக்கொடை வரும்னு இப்பவே அதை வச்சு மாடி கட்டுறே. உன் 2,000-ல அடிப்படைச் சம்பளம் 1,200 தானே? அவன் 1,200-க்குத்தான் கணக்குப் போடுவான். மொத அஞ்சு வருஷத்துக்கு வருஷம் 21 நாள் சம்பளம், 840 திர்ஹம். அஞ்சு வருஷத்துக்கு 4,200. இன்னிக்கு ரேட்டுக்கு ஒரு லட்சம் சொச்சம். அதுல மாடி வராது, மாடிப்படி வரும்.

லீவு முடியுறதுக்குள்ள ரெண்டு வேலை. திங்கக்கிழமை உம் பொண்டாட்டியோட பேங்குக்குப் போயி நகையை வச்சுட்டு, அங்கயே கணக்கையும் மாத்திட்டு வா. சாயங்காலம் அசலையும் இந்த மாச வட்டியையும் கொண்டாந்து என்கிட்ட எண்ணிக் குடு. குடுத்தப்பறம் புரோ நோட்டைக் கையில வாங்காம இந்தத் திண்ணையை விட்டு எறங்காத. நாளைக்குத் தேடி எடுத்துத் தர்றேன்னு நான் சொன்னாலும் நம்பாத.